பதினொரு கடை, ஒரு நோட்டு, ஒரு அட்வான்ஸ்

*எனக்கு வயது 22. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இதுவரை அம்மாவின் பழைய போனைத்தான் இரண்டு பேரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். எனக்கென்று ஒரு போன் வாங்க, சேர்த்த பணத்தோடு எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு சனிக்கிழமை, பதினொரு கடை. ஒரே மாடல், ஒரே நிறம். விலையை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கம்பெனியின் சொந்தக் கடையில் சொன்ன விலையை 100 என்று வைத்தால், மார்க்கெட் வாசலில் 96, மாடியில் 92, உள் சந்தில் 83. சந்துக் கடைக்காரர் "அதே பீஸ்தாம்மா, எங்களுக்கு மொத்தமா வருது" என்று சீல் உடைக்காத பெட்டியைக் காட்டினார். வாரண்டி கம்பெனி தருவதுதானே, எந்தக் கடையில் வாங்கினால் என்ன என்று 5 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். துண்டுச் சீட்டில் மாடல் பெயரும் தொகையும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது "பில் வேணும்னா விலை வேற" என்றார். அது இப்போது உறுத்துகிறது. கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது என்கிறார் அண்ணன். வரும் சனிக்கிழமை மீதியைக் கட்ட வேண்டும். வாங்கலாமா? நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.*

*பெயர் வேண்டாம் எனக் கேட்ட வாசகி*

அன்புள்ள வாசகிக்கு,

சனிக்கிழமை போங்கள். ஆனால் கீழே சொல்லும் சில கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் மீதியைக் கொடுக்காதீர்கள். பதில் சரியில்லை என்றால், அந்த 5 போனாலும் போகட்டும் என்று எழுந்து வருவதுதான் உங்களுக்கு லாபம். அது ஏன் என்று சொல்கிறேன். அட்வான்ஸ் போய்விடும் என்று உங்கள் அண்ணன் சொல்வதும் முழுக்கச் சரியல்ல. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். போன் விஷயமாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் வருவார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நோட்டோடு. அந்த நோட்டுப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். விலைகளைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறீர்கள். எனக்குத் தேவையான செய்தி அத்தனையும் ஓரத்தில் பென்சிலில் சின்னதாகக் கிறுக்கியதில் இருக்கிறது.

நான்கு விலையும் ஒரே பொருளுக்கு இல்லை

வாசல் கடையின் 96-க்குப் பக்கத்தில் "கவர், கிளாஸ் கட்டாயம் 4, கார்டுன்னா 2" என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டில் கட்டினால் அந்தக் கடையின் உண்மை விலை 102. கம்பெனிக் கடையைவிட அதிகம். உங்களை உள்ளே இழுக்கச் சொன்ன விலைதான் 96. கவரும் கண்ணாடியும் எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. ஆனால் வெளியில் அவற்றின் விலை என்ன என்று கேட்டுப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கைப் போடுங்கள்.

மாடிக் கடையின் 92-க்குப் பக்கத்தில் "திறந்த பெட்டி" என்று இருக்கிறது. மார்க்கெட்டில் இதை ஆக்டிவேட் செய்த பீஸ் என்பார்கள். விற்பனை இலக்கை எட்டுவதற்காகக் கடைக்காரரே பெட்டியைத் திறந்து ஆன் செய்து வைத்திருக்கலாம். யாராவது தள்ளுபடியில் வாங்கி, ஒரு வாரத்தில் கைமாற்றியிருக்கலாம். போன் நன்றாகவே இருக்கலாம். சிக்கல் வாரண்டியில்தான். பல கம்பெனிகள் போன் முதன்முதலில் ஆன் ஆகி இணையத்தில் சேர்ந்த நாளிலிருந்தே வாரண்டியை எண்ணத் தொடங்கிவிடும். சில கம்பெனிகள் பில் தேதியை ஏற்றுக்கொள்ளும். இரண்டு மாதம் முன்னால் ஆன் செய்த போன் என்றால், ஒரு வருட வாரண்டியில் உங்களுக்குக் கிடைப்பது பத்து மாதம். கடைக்காரர் இதை ஒளிக்காமல் சொல்லி, பில்லும் கொடுத்தால் 92 மோசமான விலை இல்லை. இன்னும் கொஞ்சம் பேரம்கூடப் பேசலாம். உங்கள் பட்டியலில் எனக்கு மரியாதை வந்த கடை இதுதான். குறையை அவராகவே சொல்லியிருக்கிறார்.

இப்போது சந்துக் கடை. 83-க்குப் பக்கத்தில் இரண்டு கிறுக்கல்: "கடை வாரண்டி 6 மாசம்", "12 ஜி.பி.!" இந்த ஆச்சரியக்குறிதான் என்னை நிறுத்தியது. மற்ற பத்துக் கடையிலும் அதே மாடலுக்கு 8 ஜி.பி. என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். விலையும் குறைவு, நினைவகமும் அதிகம் என்றால் கடைக்காரருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? பெரும்பாலும் நடப்பது இது: போனில் நிஜமாக இருக்கும் ரேம் 8. போன் தன் சேமிப்பிடத்திலிருந்து 4 ஜி.பி.யைக் கடன் வாங்கி ரேம் போல நடிக்க வைக்கிற வசதி இன்று பல போன்களில் உண்டு. எட்டும் நான்கும் சேர்த்துப் பன்னிரண்டு என்று சொல்லிவிடுவார்கள். சேமிப்பிடத்தின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்திலேயே வராது. கூடவே உங்கள் படங்களுக்கான இடத்திலும் அந்த நான்கு போய்விடும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் பல போன்களில் எட்டு, கூட்டல் நான்கு என்று பிரித்தே காட்டும். அங்கே பாருங்கள்.

"கடை வாரண்டி" என்பது இன்னும் முக்கியமான தடயம். கம்பெனி வாரண்டி உள்ள போனை விற்கிறவருக்குத் தன் பெயரில் வாரண்டி தர வேண்டிய தேவையே இல்லை. பெரும்பாலும் அந்தப் பீஸ் வேறு ஒரு வட்டாரத்துக்காக, அதாவது வேறு நாடுகளில் விற்பதற்காகத் தயாரானது. அங்கிருந்து இங்கே வந்திருக்கும். பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, பொருள் வேறு. பல கம்பெனிகள் போனுக்கான வாரண்டியை அது விற்கப்பட வேண்டிய நாட்டில்தான் தருகின்றன. இங்குள்ள சர்வீஸ் சென்டரில் போனை நீட்டினால், எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது எங்கள் கணக்கில் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காசு கொடுக்கிறேன் என்றாலும் உதிரிபாகம் பொருந்தாமல் போவதுண்டு.

வாரண்டி போனால் போகட்டும் என்று நினைக்கலாம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. போன் எந்தெந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். உங்கள் சிம் கம்பெனி பயன்படுத்துகிற அலைவரிசைகளில் ஒன்று அந்தப் போனில் இல்லாவிட்டால், கடையில் சிக்னல் முழுதாகக் காட்டும்; வீட்டுக்குள் போனதும் ஒற்றைக் கோடு. இன்னொரு வினோதமும் உண்டு: இணையம் அருமையாக ஓடும், அழைப்பு மட்டும் போகாது. சில சிம் கம்பெனிகளில், 4ஜியில் பேசுவதற்கு அந்த மாடலை அவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். வெளி வட்டார மாடல் அதில் இல்லாமல் போகலாம். பழைய 2ஜி, 3ஜி சேவையை நிறுத்திவிட்ட இடமாக இருந்தால், அந்தப் போனில் பேச வழியே இருக்காது.

சீலையும் எண்ணையும் எவ்வளவு நம்பலாம்

சீல் உடைக்காத பெட்டி என்பதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெட்டியைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டு, புது உறை போட்டுச் சூடான காற்றில் சுருக்கி ஒட்டுவது கடினமான வேலையே இல்லை. சீல் ஸ்டிக்கரும் தனியாகக் கிடைக்கிறது. வெளி வட்டாரப் பீஸ்களில் சீலை உடைக்க ஒரு காரணமும் இருக்கிறது. சில கம்பெனிகளின் போன்களில் முதலில் அந்த வட்டாரத்துச் சிம்மைப் போட்டுக் கொஞ்ச நேரம் பேசினால்தான் மற்ற சிம் வேலை செய்யும். அதை விற்பவர்களே முடித்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுவார்கள். ஆக, சீல் இருக்கிறது என்றால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஐ.எம்.ஈ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். பெட்டியில் உள்ள எண்ணும் போனில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒத்துப்போனால் இந்தப் பெட்டிக்கு இந்தப் போன் என்று தெரியும். புதிதா, எந்த வட்டாரம், யாருடையது என்பதெல்லாம் தெரியாது. அதே எண்ணை வைத்து இன்னும் இரண்டு அடி உள்ளே போகலாம்.

முதலில் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். அதைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாரண்டி பார்க்கும் பக்கத்தில் போடுங்கள். சில கம்பெனிகள் அங்கே சீரியல் எண்ணைக் கேட்கும். வாரண்டி எந்த நாளில் தொடங்கியது, அல்லது இன்னும் தொடங்கவில்லை என்று வரும். சீல் பெட்டி என்று கொடுத்த போனுக்கு மூன்று மாதம் முன்னாலேயே வாரண்டி தொடங்கியிருந்தால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கடைக்காரர் தன் போனில் திறந்து காட்டும் பக்கத்தை நம்பாதீர்கள். அம்மாவின் போனைக் கையோடு கொண்டுபோய் நீங்களே திறங்கள்.

இரண்டாவது, பெட்டியின் லேபிளிலும் செட்டிங்ஸிலும் இருக்கும் மாடல் எண். விளம்பரத்தில் வரும் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குறியீடு. கம்பெனிக் கடையில் இருக்கும் அதே போனின் குறியீட்டை முதலில் குறித்துக்கொண்டு வந்து, சந்துக் கடை லேபிளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேறு வட்டாரத்துப் பீஸாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் நோட்டில் விலைக்குப் பக்கத்தில் இந்தக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தால், முதல் சனிக்கிழமையே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

வாரண்டி கம்பெனியுடையது, பொறுப்பு கடைக்காரருடையது

எந்தக் கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் எல்லாமே அந்தக் கடைதான். வாரண்டி என்பது தயாரித்தவர் தன் நிபந்தனைகளோடு தரும் வாக்குறுதி. பணம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தவர் கடைக்காரர். விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் இடையில்தான். சொன்ன பொருளை, சொன்னபடி, குறையில்லாமல் கொடுக்க வேண்டிய கடமை அவருடையது. சட்டத்தின் பெயரும் புகார் கொடுக்கும் இடமும் நாட்டுக்கு நாடு மாறினாலும், இந்த அடிப்படை பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் ஒட்டி வைத்தாலும், பழுதான பொருளையோ வேறு பொருளையோ கொடுத்துவிட்டு அந்த அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. (மனசு மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அது செல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் இந்த உரிமை முழுதும் தொங்குவது ஒரு காகிதத்தில். பில் இல்லாமல் வாங்கினால், வாங்கினேன் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பில் இருந்தும் தோற்றவர் ஒருவர் என்னிடம் வந்தார். வாங்கி ஒன்பதாவது நாள் போன் சூடாகி அணைந்துவிட்டது. கடைக்குப் போனால், "இது நாங்கள் விற்ற போனே இல்லை" என்றார்கள். அவரிடம் அச்சடித்த பில் இருந்தது. தேதி, கடை முத்திரை, தொகை எல்லாம் இருந்தது. பொருள் என்ற இடத்தில் மட்டும் "மொபைல் - 1". எந்த மொபைல்? வேறு யாரோ விற்ற போனைக் கொண்டுவந்து தங்கள் தலையில் கட்டுகிறார் என்று கடைக்காரர் வாதாடினார். அதை உடைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. பெட்டியை வேறு தூக்கிப் போட்டுவிட்டார். கடைசியில் பாதிப் பணத்துக்குச் சமரசம் ஆனது.

எனவே பில்லில் கடையின் பெயர், முகவரி, தேதி, கட்டிய தொகை, மாடல் குறியீடு, ரேமும் சேமிப்பிடமும் எவ்வளவு என்ற விவரம், முக்கியமாக அந்த 15 இலக்க எண் இருக்க வேண்டும். திறந்த பெட்டி என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். போன் தொலைந்தாலோ திருடு போனாலோ புகார் கொடுக்கவும், எண்ணை முடக்கச் சொல்லவும் இதே பில்தான் கேட்பார்கள். பில் தராத கடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போனே திருட்டுப் போனாக இருக்கலாம். உண்மையான சொந்தக்காரர் எண்ணை முடக்கிய அன்று, பணம் கொடுத்து வாங்கிய உங்கள் போனில் சிம்மே வேலை செய்யாமல் போய்விடும். எப்படி வந்தது என்று காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

"பில் வேணும்னா விலை வேற" என்றாரே, அந்த வேறு விலை என்ன என்று கேட்டீர்களா? அதுதான் அவர் கடையின் நிஜ விலை. 83 என்பது உங்கள் உரிமைகளைக் கழித்த பிறகு வரும் தொகை.

அந்த 5 என்ன ஆகும்

இங்கே கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். கொடுத்த 5 கொடுத்ததுதான். இனி அந்தக் கடையில் கட்ட வேண்டியது 78. கம்பெனிக் கடையில் 100, மாடியில் 92. அதாவது மாடிக் கடையோடு வித்தியாசம் 14. பத்து மாத வாரண்டி, உங்கள் ஊர் சிக்னலுக்கு ஏற்ற போன், கையில் ஒரு பில்: இவை மூன்றுக்கும் சேர்த்து 14. மூன்று நான்கு வருடம் வைத்திருக்கப்போகும் போன் என்றால் நான் தயங்காமல் கொடுப்பேன். "ஏற்கெனவே 5 போயிருக்கிறதே" என்ற எண்ணம்தான் உங்களை 78-ஐயும் கொடுக்க வைக்கும். கடைக்காரர்கள் அட்வான்ஸ் வாங்குவதும் அதற்காகத்தான்.

அந்த 5 கட்டாயம் போய்விடும் என்றும் இல்லை. காரணமே இல்லாமல் நீங்கள் பின்வாங்கினால், அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அவர் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் வேறு வட்டாரப் பீஸ் என்பதை மறைத்து "அதே பீஸ்தான்" என்று சொல்லி வாங்கியிருந்தால் கதை மாறுகிறது. தவறான தகவலை நம்பி ஒப்புக்கொண்டதை நீங்கள் ரத்து செய்யலாம், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாம். பில் தர மறுப்பதும் உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும்.

இதை நேரில் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். வியாழனோ வெள்ளியோ கடைக்காரரின் எண்ணுக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"அண்ணா, போன சனிக்கிழமை உங்கள் கடையில் இந்த மாடலுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், சீட்டின் படம் இணைத்திருக்கிறேன். மீதியைக் கட்டும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். பெட்டி லேபிளில் உள்ள மாடல் குறியீடு என்ன? கம்பெனி வாரண்டி இங்கே செல்லுமா? ஐ.எம்.ஈ.ஐ. எண் போட்ட பில்லோடு என்ன விலை? நீங்கள் சொன்ன 12 ஜி.பி., கம்பெனி வாரண்டி, பில் இவற்றோடு தர முடியாது என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

அவர் பதில் எழுதினால் அது சாட்சி. எழுதாமல் போன் செய்து, "நேர்ல வாம்மா, பாத்துக்கலாம்" என்றால் அதுவும் ஒரு பதில்தான். அவர் சொன்னதை நீங்களே சுருக்கமாக எழுதித் திருப்பி அனுப்பி வையுங்கள். திருப்பித் தர மாட்டேன் என்று அடம்பிடித்தால் மார்க்கெட் சங்கம் இருந்தால் அங்கே ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். அடுத்து நுகர்வோர் புகார் அமைப்பு. சின்னத் தொகைக்கு வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே மனு கொடுக்கலாம். ஆனால் 5-க்காக எத்தனை நாள் விடுப்பு எடுப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு செய்தியும் ஒரு நேரடிப் பேச்சும் பலன் தராவிட்டால் விட்டுவிடு என்றுதான் என் தங்கையாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

எந்தக் கடையில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கவுண்டரிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கூட வருகிறவரை அதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மாடல் குறியீடு, *#06# எண், வாரண்டித் தேதி மூன்றையும் பாருங்கள். அப்புறம் உங்கள் சிம்மைப் போட்டு அம்மாவின் போனுக்கு ஓர் அழைப்பு. பேசிக்கொண்டே திரையின் மேல்பக்கம் பாருங்கள்: அழைப்பின்போதும் 4ஜி அல்லது 5ஜி அடையாளம் இருந்தால் சரி, 2ஜி, 3ஜிக்கு இறங்கினாலோ அழைப்பே போகாவிட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பணத்தைக் கட்டி, பில்லில் உள்ள எண்ணைத் திரையில் உள்ள எண்ணோடு ஒரு விரல் வைத்து வாசித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பி வையுங்கள். பெட்டியை வாரண்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.